டீ-டான், ப்ளீச் கிரீம்கள்: நிறம் மாறுகிறதா, தோல் மெலிகிறதா?

கம்பத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருவர், மாசி மாதத்தில் தம் தாயுடன் தோல் நோய்ப் பிரிவுக்கு வந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறேன். வைகாசியில் அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வெறும் தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது, அடுப்பருகில் நின்றால் கன்னங்கள் சிவக்கின்றன, வெயிலில் பத்து நிமிடம் நடந்தால் முன்னைவிடக் கருத்துவிடுகிறது என்பவை அவருடைய முறையீடுகள். அவர் கொண்டுவந்த துணிப்பையில் மூன்று பொருள்கள் இருந்தன: ஒரு டீ-டான் பேக், ஒரு ப்ளீச் டப்பா, பெட்டி இல்லாத ஒரு சிறிய கிரீம் ட்யூப்.

மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை என்றே அவர் எண்ணியிருந்தார். உண்மையில் மூன்றும் தோலின் வெவ்வேறு அடுக்குகளில் வெவ்வேறு விதமாக வேலை செய்பவை. அந்த வேறுபாட்டை அறிந்தால், தோல் ஏன் மெலிகிறது என்பது தானாகவே விளங்கும்.

வெயில் கருமை எங்கே இருக்கிறது?

அவருடைய குடும்பத்துக்குப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் உண்டு. கொடி தழைத்திருக்கும்போது பந்தலின் அடியில் நிழல் இருக்கும். கவாத்து முடிந்ததும் பந்தல் வெறுமையாகி, வெயில் நேரே தலைமேல் இறங்கும். சென்ற சித்திரையில் அத்தகைய நாள்களில் தோட்டவேலை செய்தபோதுதான் முகமும் கைகளும் கருத்தன.

தோலின் மேலடுக்கான புறத்தோலின் அடிப்பகுதியில் நிறமி செய்யும் அணுக்கள் உள்ளன. புற ஊதாக் கதிர்கள் படும்போது இவை மெலனின் என்னும் நிறமியை மிகுதியாகச் செய்து, சுற்றியுள்ள அணுக்களுக்கு அனுப்புகின்றன. அங்கே அந்த நிறமி, அணுவின் உட்கருவுக்கு மேலே குடை பிடித்ததுபோல் படிந்து, அதற்குள் இருக்கும் மரபுப் பொருளை வெயிலிலிருந்து காக்கிறது. ஆகவே வெயில் கருமை அழுக்கு அன்று. அது தோல் தனக்காக விரித்துக்கொண்ட குடை.

அடியில் பிறக்கும் அணுக்கள் மெல்ல மேலேறி, இறந்த செதில்களாகி உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நிறமியும் அவற்றோடு வெளியேறும். மேலும் வெயில் படாமல் காத்தால், பெரும்பாலான வெயில் கருமை ஓரிரு மாதங்களில் தானே மங்கும். எந்தக் கிரீமும் இந்தக் கால அளவை ஓரளவுக்கே குறைக்க முடியும்.

டீ-டான் பேக் செய்வது

இவ்வகைப் பேக்குகளில் பெரும்பாலும் வெண்களிமண், லாக்டிக் அல்லது கிளைக்காலிக் போன்ற பழ அமிலங்கள், அதிமதுரச் சாறு முதலியவை இருக்கும். அமிலம், மேலே உள்ள இறந்த செதில்களின் பிணைப்பைத் தளர்த்தி உதிரச் செய்கிறது. நிறமி கொண்ட செதில்கள் சில போவதாலும், மேற்பரப்பு வழவழப்பாகி ஒளியைச் சீராகத் திருப்புவதாலும் முகம் தெளிந்து தோன்றும். அடியில் உள்ள நிறமி அப்படியே இருக்கும்.

மாதம் ஓரிரு முறை பயன்படுத்தினால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. இந்தப் பெண் வாரத்துக்கு இருமுறை போட்டு, உலர்ந்த பேக்கை அழுத்தித் தேய்த்தே எடுத்திருக்கிறார். இறந்த செதில்களின் அடுக்கு பயனற்ற கழிவு அன்று. உள்ளே உள்ள ஈரத்தைக் காத்து, வெளியே உள்ள நஞ்சைத் தடுக்கும் சுவர் அதுதான். அது மீண்டும் கட்டப்படுவதற்குள் அடுத்தடுத்து உரித்தால் சுவர் எப்போதும் அரைகுறையாகவே நிற்கும்.

ப்ளீச் செய்வது

ப்ளீச்சில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கிரீம். மற்றொன்று அதைத் தூண்டிவிடும் காரப்பொருள். கலந்ததும் வெளிப்படும் ஆக்சிஜன், முகத்தில் உள்ள பூனைமுடியின் கருநிறத்தை அழித்துப் பொன்னிறமாக்குகிறது. முகம் உடனே பளிச்சென்று தெரிவதற்குப் பெருங்காரணம் இந்த முடி நிறமாற்றமே. தோலின் அடியில் உள்ள நிறமியைப் பத்து நிமிடப் பூச்சு தொடுவதில்லை.

அதே வேளையில் காரம் தன் வேலையைச் செய்கிறது. நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. காரம் படும்போது செதில்கள் ஊதி, அவற்றுக்கிடையே சாந்துபோல் இருக்கும் கொழுப்பு கலைகிறது. பலரும் “மருந்து பிடிக்கிறது” என்று பொறுத்துக்கொள்ளும் எரிச்சல், தோல் புண்படுவதன் அறிகுறியே. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அழற்சி ஆறும்போது மீண்டும் கருமையையே விட்டுச்செல்லும். அதைப் புதிய வெயில் கருமை என்று எண்ணி மறுபடியும் ப்ளீச் போடுகிறார்கள். 15 நாளுக்கொரு முறை என்று தொடங்கிய இந்தப் பெண், ஆடி மாதத்துக்குள் வாரம் ஒருமுறைக்கு வந்துவிட்டார்.

இதுவரை நடந்தது பாதுகாப்புச் சுவரின் சேதம். ப்ளீச்சை நிறுத்தினால் சில வாரங்களில் இது பெரும்பாலும் சரியாகும். உண்மையான மெலிவு வேறொன்றால் வந்தது.

அந்தச் சிறிய ட்யூப்

ப்ளீச்சின் எரிச்சல் தாங்காமல் அவர் கேட்டபோது, தெரிந்தவர் ஒருவர் அந்த ட்யூபைக் கொடுத்திருக்கிறார். ஒரே இரவில் எரிச்சல் அடங்கியது. ஒரு வாரத்தில் முகம் வெளுத்தது. அதன்பின் ஏழு மாதங்கள் நாள்தோறும் இரவில் பூசினார். எரிச்சல் தெரியாததால் ப்ளீச்சும் தடையின்றித் தொடர்ந்தது.

ட்யூபின் மேல் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருந்தன: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன். முதலாவது நிறமி உற்பத்தியைத் தடுப்பது. இரண்டாவது தோல் அணுக்களின் சுழற்சியை விரைவுபடுத்துவது. மூன்றாவது வீரியமுள்ள ஸ்டீராய்டு. இத்தகைய கூட்டு மருந்தை 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மனும் அவருடன் பணியாற்றியவரும் அறிமுகப்படுத்தினர். மங்கு என்று நாம் சொல்லும் நோய்க்கு, மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டும் தரவேண்டிய மருந்து இது. வெயில் கருமைக்கான அழகுப் பொருள் அன்று.

ஸ்டீராய்டு முதலில் தோலின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. சிவப்பு மறைவதால் முகம் வெளுத்துத் தெரியும். தொடர்ந்து பூசினால், புறத்தோலின் அடியில் புதிய அணுக்கள் பிறப்பது குறைகிறது. அதற்கும் கீழே உட்தோலில், தோலைத் தாங்கும் நார்ப்பொருளான கொலாஜன் உற்பத்தியும் குறைகிறது. மேலே ஓடு வேயாமல், கீழே தூணும் நடாமல் விட்ட வீடுபோல் தோல் தளர்கிறது. தாங்கல் இழந்த நுண்குழாய்கள் விரிந்து, வெளியே தெரியத் தொடங்குகின்றன. முகத்தோல் இயல்பிலேயே மெல்லியது என்பதால், உள்ளங்கையைவிடப் பன்மடங்கு மருந்தை உறிஞ்சிக்கொள்கிறது. ட்ரெட்டினாயினும் ப்ளீச்சும் சேர்ந்து தடுப்புச் சுவரைத் தளர்த்தியிருந்தால், ஸ்டீராய்டு இன்னும் ஆழமாக இறங்கும்.

பூச்சை நிறுத்தினால், சுருங்கியிருந்த குழாய்கள் திடீரென விரிந்து முகம் சிவந்து எரியும். மறுபடி பூசினால் அடங்கும். கிரீம் இல்லாமல் இருக்க முடியாத நிலை இப்படித்தான் உருவாகிறது.

2018 மார்ச்சில் ஒன்றிய அரசு 14 வகை மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை, மருந்துச் சீட்டின்றி விற்கக்கூடாத ‘எச்’ பட்டியலுக்குள் கொண்டுவந்தது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று உங்கள் கிரீமில் இருந்தால் அது ஸ்டீராய்டு. பொருள்களின் பட்டியலே அச்சிடப்படாத கிரீமைத் தொடவே வேண்டாம். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது. காரணம் அந்தக் கிரீம்களில் இருந்த பாதரசம்.

மெலிவை வீட்டிலேயே அறிவது எப்படி?

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். கன்னத்திலும் மூக்கோரத்திலும் சிவந்த நூலிழைகள்போல் குழாய்கள் தெரிகின்றனவா? சோப்பு, வியர்வை, அடுப்பு வெப்பம் ஆகியவற்றால் எரிகிறதா? முகத்தில் புதிதாக முடி வளர்ச்சியோ ஒரே மாதிரியான சிறு பருக்களோ வந்துள்ளனவா? கிரீமை இரண்டு மூன்று நாள் விட்டால் சிவந்து அரிக்கிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலும் பையில் உள்ள எல்லா ட்யூப்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். பழைய ட்யூபை மறைக்க வேண்டாம். எங்களுக்கு அதுவே முதல் சான்று.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது

டீ-டான், ப்ளீச் இரண்டையும் அன்றே நிறுத்தினோம். ஏழு மாத ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தினால் கடுமையான எதிர்விளைவு வரும் என்பதால், வீரியம் மிகக் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் மூன்று வாரங்களில் விட்டோம். ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு, நறுமணமற்ற ஈரப்பசைக் கிரீம், துத்தநாக ஆக்சைடு கொண்ட சன்ஸ்கிரீன் ஆகியவை மட்டுமே முகத்துக்கு. ஆயினும் இரண்டாம் வாரத்தில் முகம் நன்கு சிவந்தது. “போட்டோ எடுக்கும் நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே, டாக்டர்” என்று தாய் கலங்கினார். அந்த நாள்களில் பழைய ட்யூபுக்குத் திரும்பாமல் இருப்பதே இந்தச் சிகிச்சையின் கடினமான பகுதி. அவர் திரும்பவில்லை.

திருமணத்தன்று எரிச்சல் இல்லை. சிவப்பு சற்று இருந்தது. ஆறு மாதத்தில் தோலின் தடிப்பு பெருமளவு மீண்டது. கன்னத்தில் சில குழாய்கள் மட்டும் இன்றும் தெரிகின்றன. அவை லேசர் சிகிச்சை இன்றி மறைய வாய்ப்பில்லை.

இனி வெயில் கருமைக்கு

காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நிழல் தேடுங்கள். தோட்டத்தில் முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் எந்தக் கிரீமையும்விட மேலான காப்பு. குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் செல்வோர் குளிர்ந்த காற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம்; உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். வியர்த்தால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி பூசுங்கள். இவ்வளவும் செய்து மூன்று மாதமாகியும் கருமை போகவில்லையெனில், அது வெயில் கருமையாக இல்லாமல் மங்காகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். அப்போது வேண்டியது இன்னொரு கிரீம் அன்று, பரிசோதனை.