வீடியோ காலில் வரும் ‘கைது’
கைக்காசு பத்திரம் – 6

வங்கியை ஹேக் செய்து பணத்தைத் திருடுவதைவிட, பணத்துக்குச் சொந்தக்காரரையே அனுப்பவைப்பது சுலபம். இதில் மிகக் கொடுமையானது ‘டிஜிட்டல் அரெஸ்ட்’. பணியில் இருந்து ஓய்வு பெற்று, கிடைத்த தொகையை டெபாசிட்டில் போட்டுவைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். வங்கியில் 18 லட்சம் ரூபாய் டெபாசிட். காலை பத்து மணிக்கு ஒரு அழைப்பு. ‘உங்கள் போன் இணைப்பு இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும். விவரம் அறிய 9-ஐ அழுத்தவும்’ என்கிறது பதிவுசெய்த குரல். அழுத்தினால் ஒருவர் பேசுகிறார். ‘உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் வங்கிக் கணக்கு திறந்து, கறுப்புப் பணம் மாற்றியிருக்கிறார்கள்’ என்று சொல்லி, அழைப்பை ‘போலீஸ் அதிகாரி’க்கு மாற்றுகிறார். அடுத்து வாட்ஸ்அப் வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் அரசுச் சின்னம், கைது வாரன்ட் என்று ஒரு பி.டி.எஃப்.

மோசடியின் உயிர்நாடி இதற்குப் பிறகு வரும் இரண்டு உத்தரவுகளில் இருக்கிறது. ஒன்று, ‘கேமராவை அணைக்கக் கூடாது’. இரண்டு, ‘மகனிடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்மீதும் வழக்கு பாயும்’. பக்கத்தில் ஒரே ஒரு ஆள் இருந்து, “இதெல்லாம் பொய்ம்மா, போனை வை” என்று சொன்னால் போதும், கதை முடிந்துவிடும். அதனால்தான் ஆசிரியையை முதலில் தனிமைப்படுத்துகிறார்கள்.

மறுநாள் பணப் பேச்சு. ‘உங்கள் பணம் நேர்மையானதா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும். இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், 48 மணி நேரத்தில் திரும்பி வரும்’ என்கிறார்கள். வங்கியில் கேட்டால் இடம் வாங்குவதாகச் சொல்லும்படி பாடமும் நடக்கிறது. ஆசிரியை டெபாசிட்டை முறித்து, ஆர்.டி.ஜி.எஸ்-ஸில் 18 லட்சத்தையும் அனுப்புகிறார். அது போய்ச் சேர்ந்த கணக்கு ஏதோ ஒரு ‘டிரேடர்ஸ்’ பெயரில் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடுகிறது.

இதில் பொய் வெளிப்படும் இடங்கள் மூன்று. நம் சட்டத்தில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று கிடையாது. உண்மையாகக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். பணத்தைச் சரிபார்க்க, அதை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் அரசு அலுவலகம் எதுவும் இல்லை. மூன்றாவது, அந்தக் கணக்கின் பெயர். 2025 ஏப்ரல் முதல், நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அனுப்பும் முன் அந்தப் பெயரை நின்று படியுங்கள்.

ஆனால் பயத்தில் இருக்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வராது. அதனால் விதிகளை இன்றைக்கே போட்டுவைக்க வேண்டும்.

முதல் விதி: சேமிப்பும் செலவும் ஒரே கணக்கில் வேண்டாம். யு.பி.ஐ இணைந்த கணக்கில் மாதச் செலவுக்கான பணம் மட்டும் இருக்கட்டும். டெபாசிட் இருக்கும் கணக்கில் நெட் பேங்கிங் வரம்பை உங்கள் தேவைக்குத் தக்கபடி குறைத்துவிடுங்கள்.

இரண்டாம் விதி: புதிய கணக்குக்குப் பெரிய தொகை என்றால், ஒரு இரவு கழித்துத்தான் அனுப்புவது, அதற்குள் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுவது. எவ்வளவு என்பதைக் குடும்பமே முடிவு செய்யலாம்; 25,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். உண்மையான தேவை எதுவும் ஒரு இரவில் கெட்டுப்போகாது. ஆஸ்பத்திரிச் செலவு போன்ற அவசரமாக இருந்தால், அந்த ஒருவரிடம் பேசிவிட்டு உடனே அனுப்பலாம். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒருவர் சொன்னால், அதையே மோசடிக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு போனை வைத்துவிடுங்கள். சந்தேகம் தீரவில்லையா? உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

பணம் போய்விட்டால், அழுவதற்கு முன் 1930-க்கு அழையுங்கள். அனுப்பிய நேரம், தொகை, பெறுபவரின் கணக்கு எண், வங்கி தந்த யு.டி.ஆர் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த கணக்குகளில் பணம் தங்கியிருக்கும்வரைதான் அதை முடக்க முடியும். பிறகு உங்கள் வங்கிக்கும் தெரிவித்து, cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவுசெய்யுங்கள்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். நமக்குத் தெரியாமல் வெளியார் யாரோ பணத்தை எடுத்து, மூன்று வேலை நாட்களுக்குள் நாம் புகார் கொடுத்தால், வங்கியும் நாமும் தவறு செய்யாதபோதும் இழப்பு நம்மீது விழாது என்கிறது ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதி. நாமே கையெழுத்துப் போட்டோ, ஓ.டி.பி தட்டியோ அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. எனவே, பெரிய தொகை அனுப்பும் முன் சொல்ல வேண்டிய அந்த ஒருவர் யார் என்பதை இன்று இரவே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

(அடுத்த வாரம்: கமிஷனுக்கு ஆசைப்பட்டு வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுபவர்கள்)