சோப்புக்கு எதற்கு டாக்டர் வேலை?

வில்லியனூரில் இருக்கும் என் சித்தி மகள் குப்பைமேனி சோப்பும் முருங்கைக்கீரைப் பொடியும் செய்து விற்கிறாள். செல்போனில் போட எழுதிய விளம்பரத்தைக் காட்டினாள். "சோப்பு: வெண்புள்ளி, படை குணமாகும். பொடி: சர்க்கரை நோயைத் தீர்க்கும்."

"ஊரே சொல்றதுதானேக்கா!"

ஊர் சொல்லலாம், விற்பவர் எழுதக் கூடாது. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ம் வருடச் சட்டத்தின் பட்டியலில் வெண்புள்ளியும் நீரிழிவும் இருக்கின்றன. உறையில் ஒட்டும் லேபிள்கூட விளம்பரம்தான். படை குணமாகும் என்று எழுதினாலோ, அழகுப் பொருளாயிருந்த சோப்பு மருந்தாகிவிடும். அதற்கு லைசென்ஸே வேறு. பொடி உணவு. உணவு நோயைத் தீர்க்கும் என்று சொல்ல 2018-ம் வருட உணவு விளம்பர விதிகள் இடம் தருவதில்லை. நியாயம்தானே? யாரோ ஒரு பாட்டி இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு?

நோயின் பெயர்களையெல்லாம் அடித்துவிட்டு, பொருளில் என்ன இருக்கிறது, எதற்குப் பயன் என்று மட்டும் எழுதினோம். "குப்பைமேனிச் சாறும் தேங்காய் எண்ணெயும் சேர்த்த குளியல் சோப்பு. சருமத்தைச் சுத்தமாக்கும்." "நிழலில் உலர்த்திய முருங்கைக்கீரைப் பொடி. சாதத்தில் நெய்விட்டுப் பிசைந்து சாப்பிடலாம்."

கீழே, 'எனக்கு சுகர் இறங்கிடுச்சு' என்று யாரோ எழுதியதையும் சேர்த்திருந்தாள். அதையும் எடுக்கச் சொன்னேன். வாய் அவருடையதானாலும் விளம்பரம் நம்முடையதாயிற்றே!

"நார்ச்சத்து நிறைந்ததுன்னாவது போடலாமா?"

"100 கிராம் பொடியில 6 கிராமாவது இருக்கணும். பரிசோதனைச் சாலையில பார்த்துட்டுப் போடு."