மைனஸ் 53 கன மீட்டர்

காற்றின் கணக்கு – 9

வானிலைத் துறை தினமும் மேலே அனுப்பும் பலூனைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஹைட்ரஜன் நிரப்பிய வெளிர் நிற ரப்பர் பை. குறுக்களவு ஓர் ஆள் உயரம்கூட வராது. அதன் அடியில் நீளமான நூல், நூலின் முனையில் கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. பெட்டியின் பெயர் ரேடியோசோண்டு. போகிற வழியெல்லாம் அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் அளந்து ரேடியோ மூலம் கீழே சொல்லிக்கொண்டே போகும். நம் கடிகாரப்படி காலை 5.30 மணி, மாலை 5.30 மணி ஆகிய இரண்டு நேரங்களை ஒட்டி உலகம் முழுக்கப் பல நூறு இடங்களிலிருந்து இப்படிப் பலூன்கள் கிளம்புகின்றன. சென்னை மீனம்பாக்கமும் காரைக்காலும் அந்தப் பட்டியலில் உண்டு.

சென்ற வாரம் பாயிலையும் சார்லஸையும் தனித்தனியாகப் பார்த்தோம். பாயில் கணக்கில் வெப்பநிலை மாறாது. சார்லஸ் கணக்கில் அழுத்தம் மாறாது. இந்தப் பலூனிடம் அந்தச் சலுகை கிடையாது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் அது விரிய வேண்டும். குளிர் ஏறுவதால் சுருங்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் பிடிப்பதுதான் ஒருங்கிணைந்த வாயுச் சமன்பாடு:

P₁V₁/T₁ = P₂V₂/T₂

பிளஸ் ஒன் படித்தபோது எங்களுக்கு வந்த கணக்கு ஏறக்குறைய இதுதான். தரையில் பலூனின் கன அளவு 2 கன மீட்டர், வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். பதினாறு கிலோமீட்டருக்கு மேலே அழுத்தம் 100 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை மைனஸ் 78. அங்கே கன அளவு என்ன? கொடுத்த எண்களை அப்படியே சமன்பாட்டில் போட்டேன். விடை எதிர்க்குறியோடு வந்தது. எதிர்க்குறியை மட்டும் சத்தமில்லாமல் அழித்துவிட்டு நோட்டை நீட்டினேன். வாத்தியார் பார்த்துவிட்டு, "ஏன்டா, அழிச்ச இடத்துல என்ன இருந்துச்சு?" என்றார். சொன்னேன். "அப்போ உன் பலூன் காணாமப் போனதுக்கு அப்புறமும் சுருங்கிக்கிட்டே இருந்திருக்கு" என்றார்.

அவர் சொன்னது கிண்டல் மட்டுமல்ல. செல்சியஸ் எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் உண்மையிலேயே அதுதான் நடக்கும். நம் ஊர் வானத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரியைத் தொடுகிறது. T₂ இருக்கும் இடத்தில் பூஜ்யத்தைப் போட்டால் கன அளவும் பூஜ்யம். பலூன் அந்த உயரத்தில் மாயமாகிவிட வேண்டும். அதையும் தாண்டிப் போனால் இல்லாததைவிடக் குறைவாக ஆக வேண்டும். நிஜ பலூனோ பெரிதாகிக்கொண்டேதான் போகிறது.

தவறு எங்கே? செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடம். தண்ணீர் எப்போது உறைகிறது என்பதைப் பற்றி ஹைட்ரஜனுக்குக் கவலையில்லை. அழுத்தம் மாறாமல் ஒரு வாயுவைக் குளிர்வித்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் அது பூஜ்யம் டிகிரியில் இருந்த தன் கன அளவில் 273-இல் ஒரு பங்கு சுருங்குகிறது. இப்படியே கோட்டை நீட்டினால் கன அளவு ஒன்றுமில்லாமல் போவது மைனஸ் 273.15-இல். வாயுவைப் பொறுத்தவரை பூஜ்யம் அங்கே இருக்கிறது. கெல்வின் அளவு எண்ணத் தொடங்குவதும் அங்கிருந்துதான். சமன்பாடு கேட்பது T₂/T₁ என்ற விகிதத்தை. 'இத்தனை மடங்கு' என்று பேச வேண்டுமானால் எண்ணிக்கை உண்மையான பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஆகவே 30 என்பது 303 கெல்வின். மைனஸ் 78 என்பது 195 கெல்வின். விகிதம் 0.64. அதாவது குளிரால் மட்டும் பலூன் தன் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக இழக்கிறது.

இனி அழுத்தம். இங்கே நான் பாதரசத்தையும் ஹெக்டோபாஸ்கலையும் கலந்துவிட்டிருந்தேன். தரையில் பாதரச பாரமானி, மேலே ரேடியோசோண்டு. இரண்டும் வெவ்வேறு மொழி பேசுகின்றன. 760 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 1013 ஹெக்டோபாஸ்கல். 1013-ஐ 100-ஆல் வகுத்தால் 10.13. இப்போது 2 × 10.13 × 0.64 போட்டால் 13 கன மீட்டர். அழுத்தக் குறைவு பத்து மடங்கு விரிக்கிறது, குளிர் அதில் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. இது சரியான விடை.

அழுத்தத்தை மாற்றாமல் 760-ஐ 100-ஆல் வகுத்திருந்தால்? விடை 9.8 கன மீட்டர். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. பலூன் விரிந்திருக்கிறது, எதிர்க்குறி இல்லை, அளவும் நம்பும்படி இருக்கிறது. ஆனால் கால் பங்கு குறைவு. அழுத்தத்தைச் சரியாகப் போட்டு வெப்பநிலையில் மட்டும் தவறியிருந்தால், அந்தத் தவறு மைனஸ் 53 கன மீட்டர் என்று ஊரைக் கூட்டிக் கத்தியிருக்கும். இது வாயைத் திறக்கவே இல்லை. என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது இந்த இரண்டாவது தவறுக்குத்தான்.

அழுத்தத்துக்கு இன்ன அலகு என்று கட்டாயமில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும். 100 ஹெக்டோபாஸ்கலை 75 மில்லிமீட்டர் பாதரசம் ஆக்கிக்கொண்டாலும் அதே 10.13 வரும். ஏனென்றால் இரண்டு அளவுகளுக்கும் பூஜ்யம் ஒரே இடம், வெற்றிடம். படியின் அளவுதான் வேறு. வகுக்கும்போது அது அடிபட்டுப் போகிறது.

ஆனால் பஞ்சர் கடைக்குப் போனால் இந்த நிம்மதியும் போய்விடும். டயரில் 32 இருக்கிறது என்று கேஜ் காட்டுவது, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே 32 பி.எஸ்.ஐ. என்பதைத்தான். காற்று இறங்கிய டயரில் கேஜ் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே 14.7 இருக்கிறது. காலையில் 27 டிகிரியில் 32 காட்டிய டயர், நெடுஞ்சாலையில் ஓடி 57 டிகிரிக்குச் சூடானால் என்ன காட்டும்? கன அளவு மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். 32-உடன் 14.7-ஐக் கூட்டினால் 46.7. அதை 330/300-ஆல் பெருக்கினால் 51.4. மறுபடி 14.7-ஐக் கழித்தால் கேஜில் 36.7. கூட்டாமல் நேரடியாக 32-ஐப் பெருக்கியவருக்கு 35.2 வரும். அலகு இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆனாலும் தப்பு. இதுவும் செல்சியஸ் வியாதிதான். பூஜ்யத்தை வெற்றிடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைத்த கோளாறு. கூட்டாததோடு செல்சியஸையும் போட்டவருக்கு 68 கிடைக்கும். அவர் உடனே டயரை விட்டுத் தள்ளி நிற்பார்.

பலூனுக்குத் திரும்புவோம். நம் கணக்கில் சில சலுகைகள் எடுத்திருக்கிறோம். ரப்பர் தன் பங்குக்கு உள்ளே சற்று அழுத்துகிறது. பகலில் வெயில் பட்டு உள்ளே இருக்கும் வாயு வெளிக்காற்றைவிடச் சூடாகலாம். கொஞ்சம் ஹைட்ரஜன் ரப்பர் வழியே கசியவும் செய்யும். வாயுவின் அளவு மாறினால் இந்தச் சமன்பாடு செல்லாது. இருந்தும் பலூன் எவ்வளவு ஊதும் என்று மதிப்பிட இது தாராளமாகப் போதும்.

மிச்சத்தை நீங்களே போடுங்கள். அதே பலூன் இன்னும் ஏறி 30 கிலோமீட்டரைத் தொடுகிறது. அங்கே அழுத்தம் 12 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை மைனஸ் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 127 கன மீட்டரை ஒட்டி வர வேண்டும். குறுக்களவு 6 மீட்டரைத் தாண்டிவிடும், ரப்பர் தாங்காமல் வெடிப்பது இந்த மாதிரி உயரத்தில்தான். உங்களுக்கு 95 வந்தால் அழுத்தத்தைத் திரும்பப் பாருங்கள். எதிர்க்குறி வந்தால் 273-ஐ மறந்துவிட்டீர்கள், தயவுசெய்து அழிக்காதீர்கள்.

(தொடரும்)