நாலு கழுவலில் ரீசேர்ட் முழுக்கப் பஞ்சு உருண்டை! ஏன் தெரியுமா?

பெருநாளைக்கு எடுத்த ரீசேர்ட்! நாலே நாலு கழுவல்! அக்குளிலும், பை வார் உரசும் தோளிலும் கடுகு கடுகாய்ப் பஞ்சு உருண்டைகள்! அதே அலுமாரியில் வருஷக்கணக்காய் உடுத்த வாப்பாவின் மருதமுனைப் பருத்திச் சாரம் வழுவழுவென்று கிடக்கிறது! எப்படி?

துணி நைந்துபோனதால்தான் உருண்டை வருகிறது என்று நினைக்கிறீர்களா? இல்லை, இழை வலுவாய் இருப்பதால்தான்! உரசும்போது நூலிலிருந்து இழை நுனிகள் வெளியே வரும், சுருண்டு முடிச்சாகும். பருத்தி முடிச்சு சீக்கிரம் அறுந்து விழுந்துவிடும். பொலியெஸ்டர் கலந்தால்? அந்த இழை அறாது! முடிச்சை நங்கூரம் போலப் பிடித்துக்கொள்ளும். உதிர வேண்டிய பருத்திப் பஞ்சும் அதிலேயே சிக்கிக்கொள்ளும்! 65 பங்கு பொலியெஸ்டரும் 35 பங்கு பருத்தியும் கலந்த துணியில் தொல்லை கூடுவது இதனால்தான்.

இதற்கு ஆலைக்காரர்கள் கண்ட வழி தெரியுமா? வேண்டுமென்றே வலுக் குறைத்த பொலியெஸ்டர்! முடிச்சு விழுந்தாலும் தானே அறுந்து உதிர்ந்துவிடும்!

அப்படியென்றால் கறுப்பு ஹபாயாவும் பொலியெஸ்டர்தானே, அதில் ஏன் அவ்வளவாய் வருவதில்லை? இதுதான் எனக்கு மிகப் பிடித்த அதிசயம்! ரீசேர்ட் கலவைக்குப் பொலியெஸ்டரைப் பருத்தி அளவுக்கு, சுமார் 38 மில்லிமீற்றர் துண்டுகளாய் நறுக்கி நூற்கிறார்கள். ஒரு அங்குல நூலுக்குள் எத்தனை நுனிகள்! வழுவழுப்பான ஹபாயாத் துணியிலோ பெரும்பாலும் நறுக்காத நீள இழை, கிலோமீற்றர் கணக்கில் ஒரே ஓட்டம்! நுனியே இல்லாவிட்டால் எது சுருளும்?

சாரத்தின் இரகசியம் வேறு. தறியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும், இழை நழுவ இடமில்லை. ரீசேர்ட் பின்னல் துணி. வளையம் வளையமாய்த் தளர்ந்து நிற்கும், நூலிலும் முறுக்குக் குறைவு. தொட்டால் மெத்தென்று இருக்கும் துணிதான் முதலில் உருண்டை கட்டும்!

ஆய்வுகூடத்தில் இதற்கும் பரீட்சை உண்டு, தெரியுமா? மார்ட்டின்டேல் என்ற இயந்திரம் துணியை அதே துணியோடு ஆயிரக்கணக்கான தடவை தேய்க்கும்! பிறகு புள்ளி: மாற்றமே இல்லையென்றால் 5, உருண்டை மொய்த்தால் 1!

இயந்திரம் உங்களுக்கு எதற்கு? கல்முனைக் கடையிலேயே பாருங்கள்! துணியை வெளிச்சத்துக்கு நேரே மடித்துப் பிடியுங்கள். மடிப்பின் விளிம்பில் பூனைமயிர் போலத் தெரிகிறதா? அது நாளைய உருண்டை! துணியைத் துணியோடு இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். மயிர் எழும்பினால் வைத்துவிடுங்கள். சீட்டில் "சீவிய பருத்தி" என்ற பொருளில் கோம்ப்ட் கொட்டன் என்றிருந்தால் நல்லது. குட்டை இழைகளைச் சீவி எறிந்த நூல் அது, நுனிகள் குறைவு!

வாங்கியதை உட்புறம் வெளியே திருப்பிக் கழுவுங்கள், துவாயோடு மட்டும் சேர்க்காதீர்கள்! வந்துவிட்ட உருண்டையைக் கையால் பிய்க்கிறீர்களா? ஐயோ, வேண்டாம்! ஒன்றைப் பிய்த்தால் அதன் வேரில் புது இழைகள் உருவி வரும். உருண்டையை மட்டும் கத்தரியுங்கள்!