முதிர்வுத் தொகை: கைக்கு வந்தது எத்தனை சதவீதம்?

மகள் பிறந்த கையோடு தகப்பனார் எடுக்கிற முதல் பாலிசி பெரும்பாலும் எண்டோவ்மென்ட்தான். கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லித்தான் ஏஜென்ட் விற்கிறார், அப்படி நம்பித்தான் வீட்டிலும் வாங்குகிறார்கள். இருபது வருஷம் கழித்து முதிர்வுத் தொகை வங்கிக் கணக்கில் விழும்போது, கட்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருக்கிறது என்று மனசு நிறைந்துபோகிறது. அந்த நிறைவு நியாயமானதுதானா என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

2004-ல் 35 வயதுக்காரர் ஒருவர் 5 லட்ச ரூபாய்க்கு 20 வருஷ பாலிசி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருஷ பிரீமியம் 26,000. இருபது தவணையில் கட்டியது மொத்தம் 5,20,000. ஆயிரம் ரூபாய் காப்பீட்டுத் தொகைக்கு வருஷம் 44 ரூபாய் போனஸ் என்றால் வருஷத்துக்கு 22,000, இருபது வருஷத்துக்கு 4,40,000. கடைசியில் தரும் கூடுதல் போனஸ் 30,000. எல்லாம் சேர்த்து 2024-ல் கைக்கு வருவது 9,70,000.

இதில் லாபம் 4,50,000. வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். லாபத்தை 5,20,000-ஆல் வகுத்து அதை 20-ஆல் வகுக்கிறவர் 4.3 என்பார். அது தப்பு. முழுப் பணமும் முதல் நாளே போய்ச் சேரவில்லை. முதல் தவணை 20 வருஷம் அங்கே கிடந்தது, கடைசித் தவணை ஒரே வருஷம்தான் கிடந்தது. சராசரி பத்தரை வருஷம். விவரமான ஏஜென்ட் இதைப் பிடித்துக்கொள்வார். “சார், உங்க பணம் எங்ககிட்ட இருந்தது சராசரியா பத்தரை வருஷம்தான். கணக்குப் போட்டா எட்டு பர்சென்ட்டுக்கு மேல வருது” என்பார். அவர் சொல்வது 8.2. அதுவும் தப்புதான், ஏனென்றால் அது தனிவட்டி. வங்கியும் அஞ்சலகமும் சொல்லும் கூட்டுவட்டியோடு அதை ஒப்பிட முடியாது.

சரியான கேள்வி இதுதான். வருஷா வருஷம் தொடக்கத்தில் 26,000 போட்டு, எந்தக் கூட்டுவட்டி விகிதத்தில் வளர்ந்தால் இருபதாம் வருஷ முடிவில் 9,70,000 ஆகும்? நோட்டில் போடலாம். 5.5 சதவீதம் வைத்துப் பார்த்தால் 9,56,000 வருகிறது. 6 சதவீதம் வைத்தால் 10,13,000 தாண்டிவிடுகிறது. விடை இரண்டுக்கும் நடுவில். எக்செல் இருந்தால் ஒரே வரி:

```
=RATE(20,-26000,0,970000,1)
```

கடைசியில் உள்ள 1, தவணையை வருஷத் தொடக்கத்தில் கட்டுகிறோம் என்பதற்கு. அதை விட்டுவிட்டால் விடை கூடிப்போகும். கட்டத்தில் முதலில் 6% என்றுதான் தெரியும், அது முழு எண்ணாக்கிக் காட்டுவது. தசம இடத்தைக் கூட்டிப் பார்த்தால் 5.62 என்று வரும். பிரீமியத்தோடு வரியும் கட்டியிருந்தால் பாலிசி பத்திரத்தில் உள்ள தொகையை வைக்காமல் ரசீதில் உள்ள தொகையை வைக்க வேண்டும். விடை இன்னும் கொஞ்சம் இறங்கும். மணிபேக் மாதிரி நடுநடுவே பணம் வந்த பாலிசிக்கு இந்த வரி பொருந்தாது. தேதியும் தொகையும் வரிசையாக எழுதி `XIRR` போட வேண்டும்.

இவ்வளவு குறைவாக வருவதற்குக் காரணம் அந்த 44 ரூபாயில் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலான எண்டோவ்மென்ட் பாலிசிகளில் போனஸ் காப்பீட்டுத் தொகைக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது. போனஸுக்கு மேல் போனஸ் கிடையாது. முதல் வருஷம் அறிவித்த 22,000, கணக்கில் சேர்ந்த நாளிலிருந்து முதிரும் நாள்வரை 22,000-ஆகவே இருக்கும். அதே பணம் 5.5 சதவீதக் கூட்டுவட்டியில் 19 வருஷம் கிடந்திருந்தால் 60,800 ஆகியிருக்கும். வருஷா வருஷம் வரும் போனஸ் கடிதத்தைப் பார்த்து ‘சேர்ந்துகொண்டே போகிறது’ என்று பூரித்துப்போகிறோம். சேருகிறது, வளரவில்லை.

என் கவலையெல்லாம் அந்தக் கல்யாணப் பணத்தைப் பற்றித்தான். 2004-ல் ஒரு சவரன் 5,000 ரூபாய்க்கும் கீழே. 5 லட்சத்துக்கு பாலிசி எடுத்த தகப்பனார் மனசில் நூறு சவரன் இருந்திருக்கும். 2024-ல் சவரன் 50,000-ஐத் தாண்டிவிட்டது. 9,70,000-க்கு இருபது சவரன்கூட வராது. தங்கம் மாதிரி எல்லாமும் ஏறவில்லை என்று சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாலிசி எடுத்த வீட்டில் எதற்காகப் பணம் சேர்த்தார்களோ, அந்தப் பொருளின் விலையில்தான் அளக்க வேண்டும். தங்கத்தை விட்டுவிடுவோம். பி.பி.எஃப். கணக்கில் இந்த இருபது வருஷத்தில் வட்டி 7.1-க்குக் கீழே இறங்கியதே இல்லை. அந்தக் குறைந்தபட்ச வட்டியே எல்லா வருஷமும் கிடைத்தது என்று வைத்தால்கூட, இதே 26,000 வருஷா வருஷம் சேர்ந்து 11,54,000 ஆகியிருக்கும். கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வித்தியாசம். சவரனை இரட்டிப்பாக்காது, மண்டபச் செலவைத் தாங்கும்.

உயிருக்குப் பாதுகாப்பு இருந்ததே, அதற்கு விலை இல்லையா என்பார்கள். உண்டு. 5 லட்சத்துக்கு வெறும் டேர்ம் பாலிசிக்கு வருஷம் 1,500 ஆகியிருக்கும் என்று கழித்துப் பார்த்தாலும் விடை 6.1-ஐத்தான் தொடுகிறது.

இதைப் படித்துவிட்டு, பதினைந்து வருஷம் கட்டிய பாலிசியை நாளைக்கே சரண்டர் செய்ய யாரும் கிளம்ப வேண்டாம். அந்த இடத்தில் கணக்கே வேறு. போன தவணைகளை மறந்துவிட்டு, இன்றைய சரண்டர் மதிப்பை இன்று போடும் முதலாக வைக்க வேண்டும். இதே பாலிசிக்கு 15 வருஷ முடிவில் 4,50,000 தருகிறார்கள் என்றால், அதை விட்டுவைத்து மீதி ஐந்து தவணையும் கட்டி 9,70,000 வாங்குவது வருஷம் 11.8 சதவீதத்துக்குச் சமம். தொடக்கத்தில் இழந்ததெல்லாம் கடைசி வருஷங்களில்தான் திரும்பி வருகிறது. அங்கே வெளியேறினால் நஷ்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருவதாக ஆகும். அதே கணக்கை இரண்டாம் வருஷத்தில் போட்டால் விடை வேறு மாதிரி வரலாம். கிளையில் சரண்டர் மதிப்பை எழுத்தில் வாங்கிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.

முதிர்ந்த பணம் வந்த அதே வாரத்தில் புதுப் பாலிசி வீட்டுக்கு வந்துவிடும். “அப்பா பேர்ல முடிஞ்சது, இப்ப பேரன் பேர்ல போடுவோம்மா” என்று அம்மாவிடம் பேச்சு தொடங்கும். கூடவே ஒரு விளக்கத்தாள் இருக்கும். அதில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பத்தி. 8 என்பது நமக்குக் கிடைக்கும் வட்டி என்றே பலர் படிக்கிறார்கள். நிறுவனம் தன் முதலீட்டில் அவ்வளவு ஈட்டினால் என்ற அனுமானம் அது. செலவு, கமிஷன், காப்பீட்டுக் கட்டணம் எல்லாம் போக நமக்கு எவ்வளவு என்பது அந்தப் பத்தியின் அடியில் உள்ள முதிர்வுத் தொகையில் ஒளிந்திருக்கிறது. அந்தத் தொகையையும் வருஷ பிரீமியத்தையும் மேலே சொன்ன ஒரு வரியில் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேரன் பெயரில் வரும் பாலிசிக்கு உறுதி செய்த தொகை எது, அனுமானத் தொகை எது என்பதையும் ஏஜென்ட்டைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.