பிரமாதி மார்கழி 29 எந்த நாள்?

"பிரமாதி௵ மார்கழி௴ ௨௰௯௳ சனிவாரம், வரவு." பழைய கடைப் பேரேட்டையோ கோயில் கணக்கையோ ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறவர் பக்கத்துக்குப் பக்கம் சந்திப்பது இந்த மாதிரி வரிகளைத்தான். எழுதியவருக்கும் அவர் காலத்தவருக்கும் இதில் குழப்பமே இருந்திருக்காது. கணினிக்கு இந்த வரி புரியாது. ஆயிரக்கணக்கான வரிகளைக் கால வரிசைப்படி அடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு தேதியையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 1940-01-13 போல எழுதிக் கொடுக்க வேண்டும். மார்கழி என்றால் டிசம்பர், எனவே 12 என்று மாற்றிவிட்டால் போதும் என்று தொடங்குகிறவர்களின் பட்டியல் முழுக்கத் தவறாகிவிடும். தமிழ் மாதத்துக்கு இணையான ஆங்கில மாதம் என்று ஒன்று கிடையாது. அந்த ஆண்டில் அந்த மாதம் பிறந்த நாள் எது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து எண்ணிக்கொண்டு போவதுதான் வழி.

முதலில் வரியைச் சரியாகப் படிக்க வேண்டும். ௵, ௴, ௳ என்ற மூன்று குறிகளும் முறையே வருஷம், மாதம், தேதியைக் குறிக்கும். எழுத்துணரி மென்பொருள் இவற்றைப் பெரும்பாலும் வேறு எழுத்தாகப் படிக்கும், அல்லது விட்டுவிடும். எண்கள் அதைவிடச் சிக்கலானவை. தமிழ் எண் ௧ பார்வைக்கு க, ௨ என்பது உ, ௭ என்பது எ, ௮ என்பது அ, பத்தைக் குறிக்கும் ௰ என்பது ய. எனவே மென்பொருள் "௨௰௯௳" என்பதை "உயகூ" என்று ஏதோ சொல்லைப் போலக் கொடுத்தால் வியப்படைய வேண்டாம். அது இரண்டு, பத்து, ஒன்பது, அதாவது 29. இந்த முறையில் வரிசைதான் பொருளைத் தீர்மானிக்கிறது: ௰௨ என்றால் 12, ௨௰ என்றால் 20. இடம் மாறிப் படித்தால் எட்டு நாள் தள்ளிப் போய்விடும்.

வருஷப் பெயரிலும் கண்ணி உண்டு. அறுபது பெயர்களும் சுழன்று வருவதால் ஒரே பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பிரபவ வருஷம் 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. இந்த மூன்று ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை எண்ணிவிடலாம். பதின்மூன்றாவதான பிரமாதி, பிரபவத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து வரும், அதாவது 1879, 1939. ஆனால் பிரமாதீச என்று இன்னொரு வருஷமும் இருக்கிறது. அது நாற்பத்தேழாவது, 1913, 1973. எழுதியவர் கடைசி எழுத்தைச் சுருக்கியிருந்தாலோ மை அழிந்திருந்தாலோ இரண்டில் எது என்று சொல்ல முடியாது. விரோதியும் விரோதிகிருதுவும், குரோதியும் குரோதனவும், பிலவவும் பிலவங்கவும், சுபகிருதுவும் சோபகிருதுவும் இதே தொல்லையைத் தரும் இரட்டைகள். ஒரு பெயரைப் படித்த உடனேயே ஓர் ஆண்டைத் தீர்மானித்துவிடாமல், பொருந்தக்கூடிய எல்லா ஆண்டுகளையும் கையில் வைத்துக்கொள்வதே நல்லது. நம் வரிக்கு நான்கு வாய்ப்புகள்: 1879, 1913, 1939, 1973.

தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக் கணக்குகளில் கொல்லம் ஆண்டும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால் வேலை மிகவும் எளிதாகிவிடும். கொல்லம் ஆண்டு வளர்ந்துகொண்டே போகும் எண், சுழலாது. அதோடு 824ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆவணியில் தொடங்குகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அடுத்தது மாதம் பிறந்த நாள். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழையும் நொடியைச் சங்கராந்தி என்கிறோம். தமிழ்நாட்டு வழக்கில் சங்கராந்தி சூரிய அஸ்தமனத்துக்கு முன் நடந்தால் அன்றைக்கே மாதம் பிறக்கும். அஸ்தமனத்துக்குப் பின் என்றால் மறுநாள். சூரியன் எல்லா ராசியையும் ஒரே வேகத்தில் கடப்பதில்லை. ஆனியில் மெதுவாகப் போவதால் அந்த மாதம் 31 அல்லது 32 நாள் நீளும். மார்கழியில் விரைவதால் 29 அல்லது 30 நாளிலேயே முடிந்துவிடும். எது 29, எது 30 என்பது சங்கராந்தி நேரத்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆக, எல்லா ஆண்டுக்கும் பொதுவான ஒரு மாத நீள அட்டவணை இருக்கவே முடியாது.

இதில் பலரும் சறுக்குவது, இன்றைய நாட்காட்டியைப் பழைய ஆண்டுக்கும் அப்படியே வைத்துப் பார்ப்பதில்தான். நம் பஞ்சாங்க ஆண்டு, ஆங்கில ஆண்டைவிடச் சற்று நீளமானது. அந்தச் சிறு மிச்சம் சேர்ந்து சுமார் அறுபது ஆண்டுக்கு ஒரு நாளாகிவிடும். இன்று சித்திரை 1 ஏப்ரல் 14. 1882இல் அது ஏப்ரல் 12. கையில் உள்ள அட்டவணை சரியா என்று சோதிக்க, எல்லோருக்கும் தெரிந்த ஒரு தேதியைப் போட்டுப் பார்க்கலாம். பாரதியார் பிறந்தது சித்திரபானு வருஷம் கார்த்திகை 27, அதாவது 1882 டிசம்பர் 11, திங்கட்கிழமை. அந்த ஆண்டில் கார்த்திகை நவம்பர் 15இல் பிறந்தது. இன்றைய வழக்கப்படி நவம்பர் 16 என்று வைத்து எண்ணினால் டிசம்பர் 12 வரும், கிழமை செவ்வாயாகிவிடும். அட்டவணை இந்தத் தேர்வில் தோற்றால் அதை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான்.

சரியான மாதப் பிறப்புகளை அந்தந்த ஆண்டின் அச்சுப் பஞ்சாங்கத்தில் பார்க்கலாம். எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை வாழ்நாள் உழைப்பாகக் கணக்கிட்டு வைத்த ‘இந்தியன் எபிமெரிஸ்’ தொகுதிகளும் இதற்கென்றே இருக்கின்றன. அந்தப் பக்கங்களில் விரல் வைத்துத் தேடியவர்களுக்கு அந்த மனிதரின் பொறுமை மேல் தனி மரியாதை வந்துவிடும்.

நம் வரிக்குத் திரும்புவோம். வாக்கியக் கணக்குப்படி 1939இல் சூரியன் தனுசுக்குள் நுழைந்தது டிசம்பர் 15ஆம் நாள் இரவு கழிந்து விடியும் முன். அஸ்தமனம் கடந்துவிட்டதால் மார்கழி 1 என்பது டிசம்பர் 16. மகரத்துக்குள் நுழைந்தது 1940 ஜனவரி 14 பகலில். எனவே அன்றே தை பிறந்துவிட்டது. அந்த ஆண்டு மார்கழிக்கு 29 நாள்தான். பேரேட்டில் உள்ள நாள் மாதத்தின் கடைசி நாள், போகி. டிசம்பர் 16ஐ ஒன்று என்று எண்ணத் தொடங்குவதால் கூட்ட வேண்டியது 29 அல்ல, 28:

```python
from datetime import date, timedelta

pirappu = date(1939, 12, 16)      # மார்கழி 1
d = pirappu + timedelta(days=29 - 1)
print(d.isoformat(), d.weekday())
# 1940-01-13 5
```

கடைசியில் வரும் 5 கிழமையைக் குறிக்கிறது. பைத்தானில் திங்கள் 0, எனவே 5 என்பது சனி. பேரேட்டிலும் சனிவாரம். ஆண்டு எண் 1939இலிருந்து 1940க்கு மாறிவிட்டதையும் பார்க்க வேண்டும். தையும் மாசியும் பங்குனியும் முழுக்க, மார்கழியின் பின்பாதியும், வருஷம் பிறந்த ஆங்கில ஆண்டில் அல்ல, அடுத்த ஆண்டில்தான் விழும்.

மற்ற மூன்று வாய்ப்புகளையும் இதேபோல் எண்ணிப் பார்த்தால் 1879இன் பிரமாதி 1880 ஜனவரி 11ஐத் தருகிறது, ஞாயிறு. பிரமாதீச என்று வைத்தால் 1914 ஜனவரி 12, திங்கள். அல்லது 1974 ஜனவரி 13, ஞாயிறு. சனிக்கிழமை ஒன்றுக்குத்தான் பொருந்துகிறது. வருஷப் பெயரின் குழப்பம், சுழற்சியின் குழப்பம் இரண்டையும் கிழமை ஒரே அடியில் தீர்த்துவிட்டது. பழைய கணக்கர்கள் கிழமையைத் தவறாமல் எழுதிவைத்த பழக்கத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஸ்கேனிலிருந்து எழுதும்போது "கிழமை தேவையில்லை" என்று அதை விட்டுவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது.

கிழமையாலும் பிடிக்க முடியாதது ஒன்று உண்டு. ௨௰௯ஐ ௨௰௨ என்று படித்துவிட்டால் 29க்குப் பதில் 22. ஏழு நாள் வித்தியாசம் என்பதால் அதுவும் சனிக்கிழமைதான். இங்கே மேலும் கீழும் உள்ள வரிகளைத்தான் பார்க்க வேண்டும். பேரேடு நாள் வரிசையில் போவதால், மேல் வரி 27 என்றால் கீழே 22 வர வழியில்லை. இல்லாத நாளும் தவற்றைக் காட்டிக்கொடுக்கும். 1939இல் மார்கழி 30 என்று ஒரு நாளே கிடையாது. ஆனால் 1879இன் மார்கழிக்கு 30 நாள் இருந்தது. அங்கே அதே எண்ணைத் தவறென்று ஒதுக்கக் கூடாது.

சங்கராந்தி அஸ்தமனத்தை ஒட்டி நடந்த மாதங்கள் தனிச் சிக்கல். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சங்கராந்தி நேரம் சில மணி நேரம் வேறுபடும். அந்த இடைவெளிக்குள் அஸ்தமனம் வந்துவிட்டால் ஒன்று இன்றைக்கும் மற்றொன்று நாளைக்கும் மாதம் பிறந்ததாகச் சொல்லும். இதைக் கண்டுகொள்ள எளிய வழி இருக்கிறது. ஒரு வரியில் மட்டும் கிழமை ஒருநாள் தள்ளி வந்தால் அது எழுதியவர் அல்லது படித்தவர் பிழை. மாதம் முழுக்க எல்லா வரியிலும் ஒரே பக்கமாக ஒருநாள் தள்ளி வந்தால் பேரேடு சரி. நம் மாதப் பிறப்புதான் அந்தக் கடையில் தொங்கிய பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகவில்லை. அப்போது அந்த மாதத்துக்கு மட்டும் பிறப்பை ஒருநாள் நகர்த்தி, நகர்த்தியதைக் குறித்து வைக்க வேண்டும்.

சில வரிகளில் நாள் இருக்காது, "பிரமாதி மார்கழி" என்று மட்டும் இருக்கும். அதை 1939-12 என்று எழுதினால் பாதி மாதத்தைத் தொலைத்துவிடுவோம். 1939-12-16/1940-01-13 என்று தொடக்கமும் முடிவும் சேர்த்து எழுதுவதே சரி. வருஷம் மட்டும் இருந்தால் 1939-04-14/1940-04-12. தேதிகளுக்கான சர்வதேச முறையே இப்படிச் சாய்கோடிட்டு எழுத இடம் தருகிறது.

அட்டவணையில் மூலத்தில் உள்ள வரிக்கு ஒரு பத்தி, மாற்றிய தேதிக்கு ஒரு பத்தி, கிழமை பொருந்தியதா என்பதற்கு ஒரு பத்தி என்று வைத்துக்கொள்ளலாம். எக்செல் 1900க்கு முந்தைய தேதிகளைத் தேதியாக ஏற்காது என்பதால் மாற்றிய பத்தியை வெறும் எழுத்தாகவே வைக்க வேண்டும். மூல வரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கக் கூடாது. நாளைக்கு வேறொருவர் வேறு பஞ்சாங்கத்தை வைத்து மறுபடி எண்ண வேண்டி வந்தால் அவருக்குத் தேவைப்படுவது அந்த "௨௰௯௳ சனிவாரம்"தான்.