குறவஞ்சி பிறந்த ஊரும் குற்றப் பரம்பரைப் பட்டியலும்

தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சியை எழுதினார். அதில் வரும் சிங்கி, வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். தன் மலையின் வளத்தைத் தலைநிமிர்ந்து பேசுகிறாள். கோயிலிலும் அரண்மனையிலும் மதிக்கப்பட்ட இலக்கியம் அது. கவிதைக் குறத்தியும் ஊர் ஊராகப் பிழைப்புத் தேடி அலைந்த குறவர்களும் ஒன்றேதான் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் கைரேகை பார்த்தவளின் பெயரைச் சுமந்த மக்களிடம், இருநூறு ஆண்டுகளுக்குள் போலீசார் கைரேகை வாங்கினார்கள். அவர்கள் குற்றம் செய்தார்கள் என்பதற்காக அல்ல, இன்னாருக்குப் பிறந்தவர்கள் என்பதற்காக.

அதற்கு வழி செய்தது குற்றப் பரம்பரையினர் சட்டம். 1871இல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்ட அது, 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு கூட்டம் தொடர்ந்து குற்றம் செய்கிறது என்று அரசு நம்பினால் போதும், அந்தக் கூட்டத்தையே குற்றப் பரம்பரை என்று அறிவித்துவிடலாம். அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பதிவானவர்கள் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், அனுமதியில்லாமல் ஊர் தாண்டக் கூடாது. குடியிருப்புகளில் அடைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் சட்டம் இடம் கொடுத்தது.

தச்சன் மகன் தச்சன், திருடன் மகன் திருடன் என்பதே இச்சட்டத்தின் அடிப்படை வாதம். சாதித் தொழில் பற்றிய ஒரு கருத்தாகத்தான் அது தொடங்கியது. உடலுக்குள் குற்றத்தைத் தேடும் வேலை அப்போது ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்தது. இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ, ‘பிறவிக் குற்றவாளி’யை மண்டையோட்டிலும் தாடையிலும் காதிலும் அடையாளம் காணலாம் என்று 1876இல் புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், சுமார் 3,000 கைதிகளை அளந்து மற்றவர்களோடு ஒப்பிட்டு, அப்படி ஒரு தனி உடல்வகையே இல்லை என்று 1913இல் காட்டினார். இடைப்பட்ட காலத்தில் அளவுகோல் இங்கும் வந்துவிட்டது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக மூக்கின் நீள அகலங்களை அளந்தார். போலீசாருக்கு உடலளவைப் பாடமும் நடத்தினார். ஏழு தொகுதிகளாக 1909இல் வந்த அவருடைய நூலில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு குணச்சித்திரம் உண்டு.

குறவர்கள் எப்படிப் பட்டியலுக்குள் வந்தார்கள்? மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு இதில் எனக்குப் பெரிய வெளிச்சம். கடற்கரை உப்பைக் கழுதைகளிலும் மாடுகளிலும் ஏற்றி உள்நாட்டில் விற்று, தானியம் வாங்கித் திரும்பியவர்கள் அவர்களில் ஒரு பிரிவினர். ‘உப்புக் குறவர்’ என்ற பெயர் இன்றும் அந்தத் தொழிலைச் சொல்கிறது. ரயில் வந்து உப்பைச் சுமந்துகொண்டது. அரசின் உப்புக் கொள்கை சிறு வியாபாரியை நெருக்கியது. வனச் சட்டங்கள் மூங்கிலுக்கும் புல்லுக்கும் தடை போட்டன. 1876-78 பஞ்சம் எஞ்சியதையும் அழித்தது. பிழைப்பு போன பிறகும் நடமாட்டம் நிற்கவில்லை. நிலையான முகவரி இல்லாதவன் திருடன்தான் என்று முடிவுகட்டிய நிர்வாகம், தானும் சேர்ந்து உண்டாக்கிய வறுமைக்கு ரத்தத்தில் காரணம் தேடியது.

ஒருமுறை பதிவாகிவிட்டால் ‘ஆதாரம்’ தானாக வளரும். உறவினர் சாவுக்கு அனுமதிச் சீட்டில்லாமல் பக்கத்து ஊருக்குப் போனால் அதுவே குற்றம். ஆஜராகாவிட்டாலும் குற்றம். அக்கம்பக்கத்தில் திருட்டு நடந்தால் முதலில் பிடிபடுவதும் இவர்கள்தான். பிறகு, இவர்களிடையே குற்றவாளிகள் அதிகம் என்று தண்டனைக் கணக்கு காட்டும். சட்டமே செய்த குற்றவாளிகளைக் கழித்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் மிச்சம் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை.

ரத்தம்தான் காரணமென்றால் அது எல்லைக்கோட்டில் நிற்காது. அன்று குற்றப் பரம்பரை என்று அறிவிக்கப்பட்ட சாதிகளைக் கொண்ட தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலைப் பாருங்கள். பல பெயர்களுக்கு அருகே மாவட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. மறவர் பட்டியலில் திருநெல்வேலி உண்டு, 2019 வரை தென்காசியும் அதற்குள்தான். அதே சாதியினர் வேறு மாவட்டத்தில் பட்டியலுக்கு வெளியே இருக்கிறார்கள். குற்றாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. சென்னை மாகாண அறிவிப்பு அங்கே செல்லாது. பெண் கொடுத்து எடுத்த இரண்டு குடும்பங்களில் ஒன்றைப் பிறவிக் குற்றவாளி ஆக்கியது எந்த உயிரியலும் அல்ல, கெஜட்.

மண்டையோட்டை விட்டு மரபணுவுக்கு வந்த பிறகும் அதே தவறு நடந்தது. 1965இல் பாட்ரீசியா ஜேக்கப்ஸும் சக ஆய்வாளர்களும் ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் காவல் மருத்துவமனையில் 197 ஆண்களைச் சோதித்தனர். ஏழு பேருக்கு ஒரு ஒய் குரோமோசோம் கூடுதலாக இருந்தது. பத்திரிகைகள் அதைக் ‘குற்றக் குரோமோசோம்’ ஆக்கிவிட்டன. ஆனால் அடைக்கப்பட்டவர்களுக்குள் மட்டும் தேடினால், வெளியே நிம்மதியாக வாழ்பவர் கண்ணில் படமாட்டார். ஆயிரம் ஆண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு அந்தக் கூடுதல் ஒய் உண்டு, பலருக்குத் தெரிவதே இல்லை. டென்மார்க்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உயரமான ஆண்களைச் சோதித்து 1976இல் வெளியான ஆய்வில் இத்தகையவர் 12 பேர்தான். அவர்களில் 5 பேர் தண்டனை பெற்றிருந்தாலும் பெரும்பாலானவை சிறு குற்றங்கள். இவர்கள் அதிக வன்முறையாளர்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று பிறவிக் குற்றவாளிக் கருத்தின் விமர்சகர்கள் சொல்லவில்லை. முரட்டு நடத்தையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி மரபு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அந்தப் பாதிக்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல். சிற்றாற்றுப் பாசனத்தில், பல ரகம் கலந்த ஒரே விதைநெல்லைத் தலைமடை வயலிலும் கடைமடை வயலிலும் விதைத்ததாக வைத்துக்கொள்வோம். ஒரே வயலுக்குள் ஒரு பயிர் உயரமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருப்பதற்கு விதை காரணமாகலாம். இரண்டு வயல்களின் விளைச்சல் வேறுபாட்டுக்குத் தண்ணீரே காரணம். முதல் கணக்கை வைத்துக் கடைமடைக்காரனின் விதையைப் பழிப்பதுதான் ஒரு சாதியின் குற்றத்தை மரபணுவால் விளக்குவது. நியூசிலாந்தின் டனீடின் ஆய்விலும், மாவோஏ என்ற மரபணுவின் மந்தமான வடிவத்தைச் சுமந்த ஆண்களில், சிறுவயதில் கொடுமைக்குள்ளானவர்களிடம்தான் வன்முறை தெளிவாகக் கூடியிருந்தது.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீங்கியது, நாடு முழுக்க 1952இல். அடுத்து வந்த ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டங்கள் சாதிக்குப் பதில் தனி ஆளைக் குறிவைத்தன. ஆனால் சந்தேகம் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில், நகைத் திருட்டைச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட ஒரு கூலித் தொழிலாளி அடித்தே கொல்லப்பட்டார். அவர் மனைவிக்காக வழக்கறிஞர் கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் நின்றார். ‘ஜெய் பீம்’ படத்தின் மூலக்கதை அது. படத்தில் இருளராகக் காட்டப்பட்ட அந்த மனிதர் உண்மையில் குறவர்.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைக் கையேடுகளில் இருந்த சாதிப் பாகுபாட்டு விதிகளை ரத்து செய்தது. சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகப் பார்க்கும் பதிவுகளையும் தவறென்றது. கைதிகளின் பதிவேட்டிலுள்ள சாதிப் பத்தியை நீக்கவும் உத்தரவிட்டது. சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்த சிறையாக அந்த வழக்கில் பேசப்பட்டவற்றில் ஒன்று, நம் பாளையங்கோட்டை மத்தியச் சிறை.